இரவில் வருபவர்களுக்கு நீங்கள் அனுப்பும் செக்-இன் செய்தி குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
சர்வீஸ் அபார்ட்மென்ட் நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: பீளமேடு அபார்ட்மென்டில் சாவி கிடைக்காமல் நள்ளிரவில் காத்திருந்தது, முதல் இரவு வாடகையைத் திருப்பித் தரவும் செய்தியைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மா,

மறுநாள் காலை அம்மாவை மூட்டு டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. அதனால் சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருவதாக முன்பதிவிலேயே எழுதியிருந்தேன். ஆள் இருக்க மாட்டார்கள், சாவியை நாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன். ரயில்வே ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் உங்கள் செய்தி வந்தது: ஒரு மேப் குறி, நான்கு இலக்க எண், "சாவிப் பெட்டி கேட் அருகில்" என்ற ஒரு வரி, அலுவலகத் தொலைபேசி எண். அவ்வளவுதான்.

மேப்பைப் பார்த்து ஓட்டிய டிரைவர் உப்பிலிபாளையத்திலேயே அவினாசி ரோடு மேம்பாலத்தில் ஏறிவிட்டார். மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது மேப்புக்குப் பல நேரம் பிடிபடுவதில்லை. பீளமேட்டைத் தாண்டிப் போய்த்தான் இறங்க முடிந்தது. திரும்பி வந்தால் அந்தக் குறி முன் கேட்டில் இருந்தது, கேட் பூட்டியிருந்தது. இரவில் பக்கத்துச் சந்தில் உள்ள சின்னக் கேட்தான் திறந்திருக்கும் என்று எதிர் டீக்கடைக்காரர் சொன்னார். இதைச் சொல்லியிருக்க வேண்டியது நீங்கள்.

உள்ளே மீட்டர் அறைக் கம்பியில் ஒரே மாதிரி மூன்று சாவிப் பெட்டிகள் தொங்கின. எது எங்களுடையது? வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. "எங்ககிட்ட யாருமே சொல்லலீங்க அம்மணி, ஆபீஸ்ல காத்தால ஒம்போது மணிக்குத்தான் வருவாங்க" என்றார். நீங்கள் தந்த தொலைபேசி எண் அந்த அலுவலகத்தின் எண்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று பெட்டியிலும் அந்த நான்கு இலக்க எண்ணைப் போட்டுப் பார்த்தேன். எதுவும் திறக்கவில்லை. வலி பொறுக்க முடியாமல் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் வாட்ச்மேன் தனக்குத் தெரிந்த துப்புரவுப் பணியாளரைக் கூப்பிட்டு எழுப்பினார். அவர் மாற்றுச் சாவியோடு வந்து வீட்டைத் திறந்துவிட்டு, என்ன நடந்திருக்கும் என்பதையும் விளக்கினார். பெட்டியின் உட்புறம் எண்ணை மாற்றுவதற்கென்று ஒரு சின்ன நெம்பி இருக்கிறது. முன்பு தங்கியவர் சாவியைப் போடும்போது அது நகர்ந்திருந்தால், மூடிவிட்டுச் சக்கரங்களைச் சுற்றும்போது எண்ணே மாறிப்போய்விடும். ஒவ்வொருவரும் காலி செய்த பின் பெட்டியை மூடி, சக்கரங்களைக் கலைத்து, அதே எண்ணில் மறுபடி திறந்து பார்த்திருந்தால் இது அன்று பகலிலேயே தெரிந்திருக்கும். இன்னொன்றும் சொன்னார்: "எல்லாருக்கும் எப்பவும் ஒரே நம்பர்தானுங்க்கா." எனக்குத் தூக்கமே போய்விட்டது. போன வருடம் தங்கியவர்களுக்கும் தெரிந்த எண்ணை நம்பியா இரண்டு பெண்கள் இரவில் தங்குவது?

அந்த நேரத்தில் என் கைக்கு வந்திருக்க வேண்டிய செய்தியை எழுதியிருக்கிறேன். விவரங்களைச் சரிபார்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும், வருபவர் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அனுப்புங்கள்:

"டிரைவரிடம் மேம்பாலத்தில் ஏறாமல் கீழ் ரோட்டிலேயே வரச் சொல்லுங்கள். இரவில் முன் கேட் பூட்டியிருக்கும். இடப்பக்கச் சந்தில் சின்னக் கேட் திறந்திருக்கும். வாட்ச்மேனிடம் உங்கள் பெயரும் வீட்டு எண்ணும் கொடுத்திருக்கிறோம். மீட்டர் அறைக் கம்பியில் மஞ்சள் நாடா கட்டிய பெட்டி உங்களுடையது. கறுப்பு மூடியை விலக்கினால் நான்கு எண் சக்கரங்கள் தெரியும். எண்களைக் கோட்டுக்கு நேராக நிறுத்துங்கள்; ஒரு சக்கரம் பாதியில் நின்றாலும் திறக்காது. உள்ளே சாவி முட்டிக்கொண்டிருந்தால், பெட்டியைத் திறக்கும் வெளி நெம்பி இறுகும். பெட்டிக் கதவை உள்பக்கம் அழுத்தியபடி அந்த நெம்பியைக் கீழே இழுங்கள். திறக்காவிட்டால் இரவுப் பணியில் இருப்பவரை இந்த எண்ணில் கூப்பிடுங்கள். அவர் எடுக்காவிட்டால் மாற்றுச் சாவி வைத்திருப்பவரின் எண் இது."

படங்களும் அனுப்புங்கள், ஆனால் படத்தை மட்டும் நம்பி வரிகளைக் குறைக்காதீர்கள். நெட் கிடைக்காத இடத்தில் படம் திறக்காது. அதனால் இதே வரிகளைச் சாதாரண எஸ்.எம்.எஸ். ஆகவும் அனுப்ப வேண்டும். பெட்டி எண்ணை ஒவ்வொரு வருகைக்கும் மாற்ற வேண்டும். இரவு எண்ணில் பேச, சம்பளம் வாங்கும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அன்று எங்களுக்காக எழுந்து வந்த அந்தப் பெண்ணுக்கு அது வேலை நேரமே இல்லை. அவருக்கு நீங்கள் கூலி தர வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

முதல் இரவு வாடகையை 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். செய்தியின் நகல், அழைப்புப் பதிவு, பணம் கட்டிய ரசீது மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

அம்மாவை மறுபடி காட்ட அடுத்த மாதம் என் தம்பி அழைத்து வருகிறான். அவனும் இரவு ரயிலில்தான் வருவான். உங்களிடமே தங்கவைக்கலாமா என்பதை உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்