இந்த சீசனில் லீவு எடுப்பது பற்றி: அறுகம்பையில் என்னோடு வேலை செய்பவர்களுக்கு

அன்பான தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன சீசனில் லீவுத் தாளை ஒரு காலையில் லினன் அறைச் சுவரில் ஒட்டினேன். முதலில் எழுதுபவருக்கு முதல் இடம் என்றேன். பகல் சிப்ட்காரர் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டார்கள். பின்னேரம் வந்தவர்களுக்கு மிஞ்சியது வெறும் சுவர்தான். பிழை என்னுடையது.

என்னோடு சேர்த்து நாம் 11 பேர். ஒரு நாளில் இருவருக்கு வார ஓய்வு. ஏழு பேராவது வேலைக்கு நிற்காவிட்டால் விருந்தினர் அறைகள் நேரத்துக்கு முடியாது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு இரண்டு லீவுதான். உங்கள் வருட லீவு 14 நாளிலும் நான் கை வைக்கவில்லை, எப்போது எடுப்பது என்பதுதான் பேச்சு.

இந்த முறை தாளுக்குப் பதில் ஒரு கொப்பி. அதில் தேதியை எழுத வேண்டாம், காரணத்தை எழுதுங்கள். நமது பெரிய நாட்கள் பல முன்கூட்டியே உறுதியாவதில்லை. உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதை திறக்கும் நாள் பிந்தித்தான் தெரியவரும், சில வேளை மாறியும் விடும். போன வருடம் ஒரு தங்கச்சி ஐந்து நாள் பதிந்து வைத்தாள். பாதை திறக்கும் நாள் தள்ளிப்போனது, அந்தப் புதிய நாட்களை வேறு இருவர் எடுத்திருந்தார்கள். அவள் நடக்கவே இல்லை. இனி "பாதயாத்திரை" என்று பதிந்தால் பாதை நகரும்போது லீவும் கூடவே நகரும். பழைய நாட்கள் காத்திருப்பவருக்குப் போகும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்தடுத்த இரண்டு நாளையும் பிடித்து வைப்பேன். துல்ஹஜ் பிறை தெரிந்ததும் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும். அப்போது வேண்டாத நாளை விட்டுவிடலாம்.

கஷ்டமானது ஆடி அமாவாசை. திருக்கோவில் தீர்த்தத்துக்குப் போன முறை ஐந்து பேர் கேட்டோம், முதலில் எழுதிய நானும் இன்னொருவரும் போனோம். அதே ஐவர் மீண்டும் கேட்டால் போகாத மூவர் முன்னுக்கு வருவார்கள். அவர்களுக்குள் எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கி இருவருக்கு லீவு. மூன்றாமவருடைய வார ஓய்வை அன்றைக்கு மாற்றலாம், இன்னொருவருக்கும் அப்படியே. ஆக ஒருவர்தான் நிற்க வேண்டிவரும். அதற்கு அன்று ஓய்வு விழுந்த இருவர் தங்கள் நாளை விட்டுத் தர வேண்டும்.

அப்படி விட்டுத் தருவது நம்மிடம் பழைய வழக்கம். முஸ்லிம் பிள்ளைகள் தீர்த்தத்துக்கு நிற்பார்கள், தமிழ்ப் பிள்ளைகள் ஹஜ்ஜுக்கு நிற்பார்கள். ஆனால் யாரும் எழுதி வைக்காததால் எப்போதும் அதே மூன்று பேர்தான் நின்றார்கள். இனி யார் யாருக்காக நின்றார் என்பது கொப்பியில் இருக்கும், அந்த நாள் திரும்பிக் கிடைக்கும். விருப்பமில்லாதவரை யாரும் வற்புறுத்தக் கூடாது, நானும்தான்.

மரணவீடு, வருத்தம் இந்தக் கணக்கில் சேராது. கோல் எடுத்துச் சொன்னால் போதும்.

கொப்பி லினன் அறையில் ஏப்ரல் 30 வரை இருக்கும். அதுவரை ஒரு லீவையும் உறுதி செய்ய மாட்டேன், ஆகவே முதல் நாள் எழுதினாலும் கடைசி நாள் எழுதினாலும் ஒன்றுதான். ஆடி அமாவாசைப் பக்கத்தில் என் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டேன், அடியில்.