‘கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டான்’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் போன வாரம் நீச்சல் வகுப்பில் தண்ணீருக்குள் மூழ்கி, மாலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இப்போது நன்றாக இருக்கிறான், திங்கள்கிழமை வகுப்புக்கு வந்துவிட்டான். நடந்ததை எல்லாப் பெற்றோருக்கும் சொல்லுங்கள் என்று அவனுடைய அம்மாவே கேட்டுக்கொண்டார். பள்ளியின் பக்கம் நடந்த தவறும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

காலை 10.15 மணி. குளத்தின் ஓரச் சுவரைப் பிடித்தபடி நகர்ந்துகொண்டிருந்தவன், ஆழம் தொடங்கும் இடத்தில் கை நழுவி உள்ளே போய்விட்டான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, மூச்சு எடுக்கவே வாய் போதாது. பயிற்சியாளர் பார்த்துத் தூக்குவதற்குள் பத்துப் பதினைந்து விநாடி ஆகியிருக்கும். வெளியே வந்ததும் பையன் அழுதான், வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வந்தது, சில நிமிடங்கள் விடாமல் இருமினான். பிறகு இருமல் குறைந்தது. “ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கேன்” என்றான். “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டான், அவ்வளவுதான்” என்றார் பயிற்சியாளர். உடை மாற்றி வகுப்புக்கு அனுப்பிவிட்டோம். வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை.

மதியம் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டான். இரண்டு மணிக்கு மேசையில் தலை சாய்த்துப் படுத்திருந்ததை வகுப்பாசிரியை பார்த்திருக்கிறார். நீந்திய களைப்பு என்று நினைத்துக்கொண்டார். தண்ணீரில் மூழ்கியது அவருக்குத் தெரியவே தெரியாது. நடுநடுவே இருமினான், வகுப்பில் இன்னும் நாலு பேர் சளியால் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கிவிட்டான்.

மாலை ஐந்தரை மணிக்கு அவனுடைய அம்மா எழுப்பியபோது கண்ணைத் திறந்தான், பதில் சொல்லாமல் மறுபடி மூடிக்கொண்டான். அந்த நேரத்தில் ஒருநாளும் தூங்காத பிள்ளை. சட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. கடிகாரத்தை வைத்து எண்ணினார், ஒரு நிமிடத்தில் 42 மூச்சு. எட்டு வயதுக் குழந்தை சும்மா படுத்திருக்கும்போது ஏறத்தாழ 18 முதல் 25 வரைதான் இருக்க வேண்டும். “ஸ்கூல்ல என்னடா ஆச்சு?” என்று கேட்ட பிறகுதான், “தண்ணிக்குள்ள போயிட்டேம்மா” என்று சொன்னான். மருத்துவமனையில் ரத்த ஆக்ஸிஜன் அளவு 90. சாதாரணமாக 95-க்கு மேல் இருக்க வேண்டும். மாஸ்க் வழியாக ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

மூழ்கியதைப் பயிற்சியாளர் பார்த்தார், சோர்வை ஆசிரியை பார்த்தார், மூச்சு வாங்குவதை அம்மா பார்த்தார். மூன்றையும் சேர்த்துப் பார்க்க மாலை வரை யாரும் இல்லை. அந்தச் சங்கிலி அறுந்தது எங்கள் பள்ளியில். அதற்கு நான் பொறுப்பு. அந்தக் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

‘தண்ணீர் குடித்துவிட்டான்’ என்று நாம் சொல்லும் வார்த்தைதான் அன்று எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது. குடித்த தண்ணீர் வயிற்றுக்குப் போகும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. மூச்சில் போன தண்ணீர் வேறு. வெளியே வந்ததும் குழந்தை விடாமல் இருமினால், தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றின் உட்புறத்தில் வழவழப்பான மெல்லிய பூச்சு ஒன்று உண்டு, மருத்துவர்கள் சர்ஃபாக்டன்ட் என்கிறார்கள். பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்தே இருப்பது அதனால்தான். உள்ளே போகும் தண்ணீர், கொஞ்சமாக இருந்தாலும், இந்தப் பூச்சைக் கழுவியோ கெடுத்தோ விடுகிறது. குளத்துத் தண்ணீர், கடல் தண்ணீர் இரண்டும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். பூச்சு போன இடத்தில் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. சுவர்கள் புண்பட்டு, உடம்பின் நீரே உள்ளே கசியத் தொடங்குகிறது. போன தண்ணீர் கொஞ்சம்தான், அது கிளப்பிவிடும் வீக்கமும் கசிவும்தான் ஆபத்து.

இந்தக் கசிவு ஒரே நொடியில் நடப்பதில்லை, மணிக்கணக்கில் கூடுகிறது. தொடக்கத்தில் கெட்டுப்போகாத பைகள் கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும், குழந்தை எழுந்து நடக்கும், பேசும். எக்ஸ்ரேகூட முதலில் தெளிவாக இருக்கலாம். கசிவு கூடக்கூட மூச்சு வேகமெடுக்கிறது. ஒவ்வொரு மூச்சையும் இழுக்க நெஞ்சுத் தசைகள் பாடுபடுகின்றன, போதாக்குறைக்கு மூளைக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. அந்தச் சோர்வு இங்கிருந்துதான் வருகிறது. பார்ப்பவர்களுக்குத் தூக்கம் மாதிரி தெரியும்.

அதனால்தான் மருத்துவமனையில் ஒரு தடவை பார்த்துவிட்டு உடனே அனுப்புவதில்லை. பொதுவாக நான்கு முதல் எட்டு மணி நேரம் உட்கார வைத்து, மூச்சை எண்ணி, ஆக்ஸிஜன் அளவு பார்த்து, ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சைக் கேட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே செய்வார்கள். முதல் அளவு எவ்வளவு என்பதைவிட, அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் தெரிய வேண்டும். கடைசியில் இருமல் அடங்கி, வெறும் காற்றிலேயே ஆக்ஸிஜன் அளவு சரியாக நின்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் திரும்புகிறார்கள். மோசமாகும் குழந்தைக்கோ, சரியான நேரத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜன்தான் முதல் மருந்து.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? நன்றாக நீந்திக் களைத்த குழந்தைக்குப் பசிக்கும். கூப்பிட்டால் எழும், எரிச்சலோடாவது பதில் சொல்லும், மூச்சு அமைதியாக இருக்கும். கவலைப்பட வேண்டிய குழந்தை சாப்பாட்டை ஒதுக்கும், எழுப்பினாலும் தெளியாது, இருமல் குறைவதற்குப் பதில் கூடும், ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் மூச்சு எடுக்கும். சட்டையைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பாருங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், குழந்தைகளின் மூச்சு சீராக ஓடாது. விலா நடுவிலோ கழுத்துக் குழியிலோ சதை உள்ளே இழுத்தாலும், மூக்கு விடைத்தாலும், உதடு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் சில வீடுகளில் இருக்கிறது. விரல் சில்லிட்டிருந்தால் அது தவறாகக் காட்டும். அளவு 96 என்று இருந்தும் குழந்தை மூச்சுக்குப் போராடினால், கருவியை நம்பாதீர்கள், குழந்தையை நம்புங்கள். அப்புறம், இருமல் மருந்து கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். சில இருமல் மருந்துகளே தூக்கம் வரவழைப்பவை, நாம் கவனிக்க வேண்டிய அறிகுறியையே அவை மூடிவிடும்.

மருத்துவரிடம் முதல் வாக்கியமாக, “இத்தனை மணிக்குத் தண்ணீருக்குள் மூழ்கினான்” என்று சொல்லுங்கள். இருமலும் மூச்சிரைப்பும் மட்டும் சொன்னால் சளியாகவோ ஆஸ்துமாவாகவோ தோன்றலாம். எத்தனை நேரம் உள்ளே இருந்தான், வெளியே வந்ததும் இருமினானா, நினைவு தவறியதா, வாந்தி எடுத்தானா என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு ஓரிரு நாளில் காய்ச்சலோ இருமலோ கூடினால் மறுபடி காட்டுங்கள், நுரையீரலில் தொற்று வந்திருக்கலாம்.

சம்பவத்துக்குப் பிறகு நிறைய அம்மாக்கள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார்கள். முழு நலத்தோடு விளையாடிக்கொண்டிருந்த குழந்தை ஒரு வாரம் கழித்துத் திடீரென்று இதனால் இறந்துபோகும் என்று பரவும் செய்திகளைப் பற்றித்தான் கேட்டார்கள். அப்படி நடப்பதில்லை. இதற்கு ‘உலர் மூழ்கல்’ போன்ற பெயர்கள் வைப்பதையே மருத்துவர்கள் இப்போது தவிர்க்கிறார்கள். மூச்சில் தண்ணீர் போயிருந்தால் உடனேயோ சில மணி நேரத்துக்குள்ளோ அறிகுறி தெரிந்துவிடும், ஒரு நாள் முழுக்க எந்த அறிகுறியும் இல்லாத குழந்தையைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. முகத்தில் தண்ணீர் தெறித்து இரண்டு தடவை இருமிவிட்டு ஓடிப்போகும் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். அந்த மாலை வரை ஒரு கண் வைத்திருந்தால் போதும்.

மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. நுரையீரல் தண்ணீர் அப்படி வெளியே வராது, வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சில் போய்விடும். மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகுதான் நெஞ்சை அழுத்துவது. எங்கள் ஆசிரியர்கள் அனைவரும் இந்த மாதமே அந்தப் பயிற்சியை எடுக்கிறார்கள்.

இனிப் பள்ளியில் எந்தக் குழந்தையின் முகமாவது தண்ணீருக்குள் போய், தூக்கிவிட வேண்டி வந்தாலோ, வெளியே வந்ததும் இருமினாலோ, அன்று வகுப்புக்கு அனுப்ப மாட்டோம். பெற்றோரை உடனே போனில் அழைப்போம். மூழ்கிய மணி, உள்ளே இருந்த நேரம், பார்த்த அறிகுறிகள் எழுதிய சீட்டைக் கையில் தருவோம். சில நிமிடங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலோ, குழந்தை சோர்ந்தாலோ, நீங்கள் வந்து சேரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுவோம். “நல்லா இருக்கேன்” என்று குழந்தை சொல்வதை வைத்து முடிவெடுக்கும் உரிமை இனி பயிற்சியாளருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஏன் வீட்டில் உடனே சொல்லவில்லை என்று அந்தப் பையனிடம் மெதுவாகக் கேட்டேன். “சொன்னா நீச்சலுக்கு அனுப்ப மாட்டாங்கன்னு நினைச்சேன் சார்” என்றான். அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவே பிள்ளையிடம், “தண்ணிக்குள்ள போயிட்டா, இருமினா, எங்கிட்ட சொல்லு, திட்டவும் மாட்டேன், நீச்சலை நிறுத்தவும் மாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள்.

நீச்சல் வகுப்புகள் அடுத்த வாரம் மறுபடி தொடங்கும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அதற்கு முன் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நான்குக்குப் பின்போ என் அறைக்கு வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்