மலைநாட்டுக் கேத்தல்களும் "பழுதில்லை" என்ற தீர்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்லைன் வியாபாரம் பற்றித் தங்கள் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில் ஒரு வாக்கியம் என் மனதைப் புண்படுத்திவிட்டது. மலையகத்திலிருந்து திரும்பி வரும் மின்சாதனங்களில் பெரும்பாலானவற்றில் பழுதே இல்லையாம். பாவித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பும் பழக்கம் அங்குள்ளவர்களுக்கு அதிகமாம். நான் கொழும்புப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் ரிட்டர்ன் மேசையில் நின்று, திரும்பி வரும் சாமான்களைத் தரம் பிரிப்பவன். எங்கள் மேசையில் சோதிக்கும்போது பழுது தெரிவதில்லை என்பது உண்மைதான். அதிலிருந்து எங்கள் சனத்தின் குணத்தைப் பற்றி எழுதியது அநியாயம்.

சாமான் திரும்பி வந்தவுடன் நடப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகவே சொல்கிறேன். பார்சலை ஸ்கேன் பண்ணி, உள்ளே இருக்கும் சீரியல் இலக்கம் விற்ற இலக்கம்தானா என்று பார்ப்போம். பிறகு வாடிக்கையாளர் எழுதிய காரணத்தை வாசித்து, சாமானைச் சோதித்து, தரம் போடுவோம். சீல் உடையாதது நேராக விற்பனைத் தட்டுக்குப் போகும். திறந்தது, பாவித்தது எல்லாம் சோதனைக்குப் பிறகு குறைந்த விலைக்கோ, திருத்தவோ, கழிக்கவோ போகும். ஒரு சாமானுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எழுதிய குறை அந்தச் சில நிமிடத்தில் மேசையில் தெரியாவிட்டால் "பழுது காணப்படவில்லை" என்று பதிவாகும். கட்டுரையாளர் எண்ணிப் பார்த்தது இந்தப் பதிவுகளைத்தான்.

கேத்தலை மட்டும் எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவிலிருந்து ஒரு கேத்தல் வருகிறது. பாகை காட்டும் சின்னத் திரை உள்ள வகை, 1500 வொட். சீட்டில் "தானாக ஓஃப் ஆகுதில்லை, கொதிச்சுக்கொண்டே இருக்குது" என்று எழுதியிருக்கிறது. மேசையில் தண்ணீர் ஊற்றி, மூடியை மூடி, 100 பாகையில் வைத்துப் போடுகிறோம். கொதித்ததும் ஓஃப் ஆகிறது. பழுதில்லை. வாடிக்கையாளர் பொய்யர்.

ஆனால் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டர் ஏற ஒரு பாகை என்ற கணக்கில் நீரின் கொதிநிலை இறங்கும். அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு நேரம் கரண்ட் கொடுத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். அடியில் உள்ள சென்சர் 100 பாகையை எட்டினால்தான் ஓஃப் ஆகவேண்டும் என்று அமைத்த கேத்தல், அந்த வீட்டில் அந்தப் பாகையைக் காணவே காணாது. தண்ணீர் வற்றி, வெறும் தட்டு சூடாகி, பாதுகாப்பு வெட்டு வேலை செய்யும் வரை கொதிக்கும். வாடிக்கையாளர் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. கொழும்பு மேசையில் அது ஒருநாளும் தெரியாது.

எல்லாக் கேத்தலும் இப்படி இல்லை. சாதாரண வகையில் மேல் விளிம்புக்குக் கிட்ட, கைப்பிடிப் பக்கமாக ஒரு சின்னத் துவாரம் இருக்கும். ஆவி அதனூடாகப் போய் ஈருலோகத் தகடு ஒன்றைச் சூடாக்க, தகடு வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். 94 பாகையில் கொதித்தாலும் ஆவி ஆவிதான், ஆகவே நுவரெலியாவிலும் அது ஓஃப் ஆகும். ஒரு மொடல் எந்த வகை என்று அறிய அதைக் கழற்ற வேண்டியதில்லை. அரை லீட்டர் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தபடி கொதிக்க விட்டுப் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். ஆவியில் இயங்கும் கேத்தலில் ஆவி வெளியே போய்விடுவதால் அது கொதித்துக்கொண்டே இருக்கும். மூடி திறந்திருந்தும் கொதித்தவுடன் ஓஃப் ஆனால், அது சென்சர் வகை. மலைப்பகுதியிலிருந்து "ஓஃப் ஆகுதில்லை" என்ற குறையோடு சென்சர் வகை வந்தால், அந்த மொடல் அந்த உயரத்துக்குப் பொருந்தவில்லை என்றுதான் முதலில் எண்ண வேண்டும்.

அப்படிப்பட்டதற்கு என்ன தீர்ப்பு? வாடிக்கையாளருக்குப் பணத்தை மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய கேத்தலைப் புதியது என்று விற்கக் கூடாது. கழுவி, காயவைத்து, கரண்ட் கசிவு சோதனை செய்து, பெட்டி திறந்தது என்று எழுதி, விலை குறைத்து, உயர்ந்த பிரதேசங்களுக்கு ஏற்றதல்ல என்ற குறிப்போடு கொடுக்கலாம். விற்பனைப் பக்கத்திலும் அந்த மொடலுக்கு அதே குறிப்பைப் போட வேண்டும். இதைச் செய்யாமல் "பழுதில்லை" என்று தட்டில் வைத்தால், அடுத்த முறை வெலிமடைக்கோ கந்தப்பளைக்கோ போய் அதே குறையோடு திரும்பி வரும். ஒரே சீரியல் இலக்கம் இரண்டாவது தடவை வந்தால் மேசையில் நிற்பவர் அதை மீண்டும் தட்டுக்கு அனுப்பக் கூடாது. முந்தைய சீட்டைத் தேடி எடுத்து, இரண்டு சீட்டும் எந்த ஊரிலிருந்து வந்தவை என்று பார்க்க வேண்டும்.

"தண்ணி சூடாக நேரம் எடுக்குது" என்பது அடுத்த குறை. இதுவும் மேசையில் தெரியாது, ஏனென்றால் களஞ்சியத்தில் 230 வோல்ட் ஒழுங்காக வருகிறது. ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில், கம்பி இழுத்த கடைசி லயத்தில், எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் போடும் அந்தி நேரத்தில் அது 190க்கு இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சூடாக்கும் கம்பியின் வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு இறங்கும். 1500 வொட் கேத்தல் அப்போது ஏறத்தாழ 1000 வொட்தான் கொடுக்கும். 6 நிமிடத்தில் கொதிக்க வேண்டிய தண்ணீருக்கு 9 நிமிடம் ஆகும். கேத்தல் நல்லதா கெட்டதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். சாதாரணச் சுவிட்ச் வகையானால், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கேத்தலை அடித்தட்டில் வைத்துச் சுவிட்சைப் போட்ட நிலையில், பிளக்கின் இரண்டு கரண்ட் முனைகளுக்கு இடையே அளந்தால் 35 ஓம் அளவில் காட்ட வேண்டும். காட்டினால் கம்பி நன்றாக இருக்கிறது. கேத்தலில் குறையில்லை, வாடிக்கையாளரிடமும் குறையில்லை. குறை அந்தக் கம்பித் தொடரில். அதைத் திருத்தித் தரச் சொல்லித் தோட்டத்துச் சனம் எத்தனை காலமாகக் கேட்கிறது என்பது பத்திரிகை நடத்தும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாவித்த கேத்தலைப் பாவிக்காதது என்று தரம் போடும் பிழையும் நடக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் தண்ணீரில் பாவித்த கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தெரியும், மறைக்க முடியாது. மலையில் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. நாள்கணக்கில் கொதிக்க வைத்தாலும் உள்ளே பளபளவென்றே இருக்கும். உள்ளே மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். பிளக்கின் கால்களில் உரசல் கோடு இருக்கிறதா, அடித்தட்டின் நடுவிலுள்ள இணைப்பு வளையத்தில் தேய்மானம் தெரிகிறதா, மூடியின் ரப்பரில் தேயிலை வாசம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கின் காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் தளர்ந்த பொயின்ட்டிலோ அடப்டரிலோ போட்டுச் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சுத்தம் பண்ணி விற்கக் கூடாது. பிளக்கையும் வயரையும் மாற்ற வழியிருந்தால் திருத்தலாம். இல்லாவிட்டால் கழிக்கத்தான் வேண்டும். கழிக்கும்போது வயரை அடியோடு வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் குப்பையிலிருந்து எடுத்து யாராவது சுவரில் செருகுவார்கள். வெட்டியதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

குளிரும் ஒரு பாடு படுத்துகிறது. இரவு லொறியில் மலையிலிருந்து இறங்கிய பெட்டியை விடிய வந்தவுடனேயே திறந்தால், குளிர்ந்த உலோகத்தில் கொழும்புக் காற்றின் ஈரம் பனித்துவிடும். அந்த ஈரத்தோடு கரண்ட் கசிவுக்கான காப்புச் சோதனை செய்தால் 500 வோல்ட்டில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டி, நல்ல சாமானும் தோற்றுப்போகும். பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு அளக்க வேண்டும். தோற்றதையும் நன்றாக உலரவைத்து ஒரு தடவை மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் தோற்றால் விவாதமில்லை, கழிவுதான்.

கட்டுரையில் சொன்ன மலையக ரிட்டர்ன் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீல் உடையாமல், வீட்டு வாசலைக் காணாமலே திரும்பி வரும் பார்சலும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. லயத்து வீட்டுக்குப் பெரும்பாலும் இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயரையும் டிவிஷன் பெயரையும் எழுதினால், கொண்டுவருபவர் தார் ரோட்டில் நின்று ஒரு தடவை போன் அடித்துப் பார்க்கிறார். மலை மறைவில் சிக்னல் இல்லாமல் அழைப்பு கிடைக்காவிட்டால் "வாடிக்கையாளர் ஏற்க மறுத்தார்" என்று அடித்துவிட்டுப் போகிறார். காசைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர் மறுத்தவர் ஆகிறார். கடிதம் தோட்டத்து ஒஃபிசில் கிடந்து பிந்தி வந்த காலத்திலிருந்து இதே கதைதான். முகவரி கொடுக்காதது யார், அதற்காகப் பெயர் கெடுவது யாருக்கு என்று கட்டுரையாளர் ஒருமுறையாவது யோசித்திருக்கலாம். ரிட்டர்ன் சீட்டில் காரணங்கள் ஆங்கிலத்தில் மட்டும் அச்சாகியிருந்தால், ஒரு அம்மா எதையோ ஒன்றைக் குறித்து அனுப்புகிறார். அதை வைத்தும் அவரைத்தான் பொய்க்காரி ஆக்குகிறோம்.

தங்கள் பத்திரிகையை மலையகத்தில் எத்தனை வீட்டில் வாங்குகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். அந்த வாக்கியத்துக்குத் திருத்தம் போடும்படி கேட்கிறேன். அதோடு, ஒரு மூலையில் நாலு வரி இடம் தந்து இதைப் போட்டுவிடுங்கள்: மின்சாதனம் எதையாவது திருப்பி அனுப்புவோர், சீட்டின் வெறும் இடத்தில் தமிழிலேயே தங்கள் ஊரின் பெயரையும், குறை எந்த நேரத்தில் வருகிறது என்பதையும், வெளிச்சம் அந்த நேரத்தில் மங்குகிறதா என்பதையும் எழுதட்டும். பிளக்கை எந்த அடப்டரில் போட்டார்கள் என்பதையும் சேர்த்தால் நல்லது. மேசையில் நிற்பவர்களில் தமிழ் வாசிப்பவர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ரிட்டர்ன் பிரிவு ஊழியர் ஒருவர்,
கொட்டகலை.