கதைக்கு அளவெடுத்துக் கொடுத்தவர்களுக்கு

கூவாகம் திருவிழாவுக்குப் போகும் திருநங்கைக்கு ஒரு தையற்கார அம்மா சத்தமில்லாமல் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் என் சிறுகதையைப் படித்துவிட்டு, "தையல் தெரியுமா?" என்று பலர் கேட்கிறார்கள். பட்டன் தைக்கக்கூட வராது. தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

முதல் நன்றி, எங்கள் தெருமுனைத் தையற்கடை அக்காவுக்கு. மார்பு 38, ஷோல்டர் பதினாறரை என்று ஓர் உடம்பைச் சொல்லி, எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டேன். 38-க்கான வழக்கமான கணக்கில் வெட்டினால் ஷோல்டர் பதினைந்தைத் தாண்டாதாம். கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே மேலே ஏறிவிடும், முதுகில் கைக்குழி ஓரம் சுருக்கம் விழும். ஷோல்டருக்காகப் பெரிய அளவில் வெட்டினாலோ முன்பக்கம் தொளதொளவென்று தொங்கும். அதனால் ஷோல்டரையும் கைச்சுற்றையும் தனித்தனியாக எடுத்து, முன்பக்கம் டார்ட் மடிப்பை ஆழமில்லாமல் பிடித்து, அக்குளில் சின்னச் சதுரத் துண்டு ஒன்று வைக்கச் சொன்னார். ஹார்மோன் எடுத்துக்கொள்பவர் என்றதும், "அப்ப பக்கத் தையல்ல உள்ளே ஒரு இஞ்ச் துணி விடணும், உடம்பு மாறினா பின்னால பிரிச்சுக்கலாம்" என்றார். கதையில் அந்த ஒரு இஞ்ச் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் அவர் சொன்னதுதான். திருநங்கையைக் கடை சாத்திய பிறகு வரச் சொல்வதாக நான் யோசித்து வைத்திருந்தேன். "அது ஒளிச்சு வைக்கிற மாதிரி இருக்கும் தம்பி. எல்லாருக்கும் அளவெடுக்கிற அதே திரைக்குள்ளதான் எடுக்கணும். அளவை மட்டும் கடையில எழுதுற பொண்ணுக்கிட்ட கூவிச் சொல்லாம நாமளே நோட்டுல எழுதிக்கணும்." கதையின் உயிர் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அடுத்தது, வருஷா வருஷம் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்குப் போய் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் தோழிக்கு. அக்குள் துண்டு எதற்கு என்று அவரிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை: தாலி கட்டிய ராத்திரி, கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துச் சுற்றிக் கும்மியடிப்பார்களாம், கை இறங்கவே இறங்காது. மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை. "கல்யாணச் சிவப்புக்கு மட்டும் துணி கொடுத்தா எப்படி? வெள்ளைக்கு உன் அம்மாவா தைப்பாங்க?" என்று சிரித்தார். ஆகவே கதையில் கடைக்கு இரண்டு துணி வருகிறது. இரண்டாவது எதற்கென்று தையற்கார அம்மா கேட்பதில்லை. அதே அளவில் அதையும் வெட்டுகிறார்.

கடைசிப் பத்தியை வெட்டச் சொன்ன நண்பருக்கும் நன்றி. அது இருந்திருந்தால் வாடிக்கையாளர் அழுதிருப்பார். இப்போது கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார், அம்மா மறுக்கிறார்.

அக்கா, இதழ் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு கடை உண்டா?

அன்புடன்,
கதை எழுதியவன்