12 எண்ணிக்கை என்றீர்கள், 4 ஐ போல்ட்டுகள் வந்தன

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: ஐ போல்ட் தொகுதியின் விற்பனைக் குறிப்பில் உள்ள தவறுகள் குறித்து

வணக்கம். சிறிய பணிமனை ஒன்றை நடத்துகிறேன். மோட்டாரும் பம்பும் பொருத்திய இரும்புச் சட்டங்கள் ஆறு இருக்கின்றன. அவற்றைச் செயின் பிளாக்கில் தூக்கி இடம் மாற்ற, சட்டத்துக்கு இரண்டு வீதம், தலையில் வளையமுள்ள 12 ஐ போல்ட்டுகள் தேவைப்பட்டன. உங்கள் குறிப்பில் இருந்த வாசகம் இது: "துருப்பிடிக்காத எஃகு ஐ போல்ட் தொகுதி, 8 மி.மீ., 12 எண்ணிக்கை, 500 கிலோ தாங்கும், தூக்குவதற்கும் தொங்கவிடுவதற்கும் ஏற்றது."

பெட்டியில் நான்கு ஐ போல்ட், நான்கு நட், நான்கு வாஷர் இருந்தன. கூட்டினால் 12 வருகிறது, மறுக்கவில்லை. தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியரும் அதையேதான் சொன்னார். செருப்புக் கடைக்காரர் ஒரு ஜோடியை "இரண்டு எண்ணிக்கை" என்று விற்றால் யாரும் இரண்டு ஜோடியை எதிர்பார்க்கமாட்டார்கள். ஆனால் ஐ போல்ட் வாங்குபவர் வாஷரை எண்ணி வாங்குவதில்லை. "4 ஐ போல்ட், நட் வாஷருடன்" என்று எழுதியிருந்தால் நான் மூன்று பெட்டிகள் கேட்டிருப்பேன்.

இதை ஏமாற்றம் என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படியல்ல.

ஒரு சட்டத்தின் மொத்த எடை 160 கிலோ. இரு முனைகளிலும் ஐ போல்ட்டை மாட்டி, வளையம், பளுவைத் தூக்கக் கட்டும் ஸ்லிங் இழுக்கும் திசைக்கு நேராக இருக்கும்படி திருப்பி, முழுவதும் இறுக்கித் தூக்கினேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட எழவில்லை, ஒரு வளையம் கொக்கிபோல விரியத் தொடங்கியது. உடனே இறக்கிவிட்டேன். யாருக்கும் காயமில்லை.

ஸ்லிங்கின் இரு கால்களும் செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வில் ஒவ்வொரு காலிலும் விழும் இழுவிசை 80 கிலோ அன்று, ஏறத்தாழ 113 கிலோ. நீங்கள் அறிவித்த 500 கிலோவில் இது கால் பங்குகூட இல்லை. பின் ஏன் விரிந்தது? உங்கள் ஐ போல்ட் காய்ச்சி அடித்து ஃபோர்ஜிங் செய்தது அன்று, கம்பியை வளைத்துச் செய்தது. வளையத்தின் முனை தண்டோடு ஒட்டவே இல்லை, அங்கே காகிதம் நுழையும் இடைவெளி இருக்கிறது. 8 மி.மீ. தண்டை மட்டும் நேராக இழுத்தால் சாதாரண எஃகுகூட 500 கிலோவுக்கு அறாது. உங்கள் எண் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் பளு விழுவது வளையத்தின் மேல்தான், அதுவோ அதற்கு வெகு முன்பே விரிந்துவிடுகிறது.

ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ போல்ட்டுகளுக்கான ஜெர்மன் தரமான டிஐஎன் 580-இல், ஃபோர்ஜிங் செய்த முழு வளையமுள்ள 8 மி.மீ. ஐ போல்ட்டுக்கே நேர் இழுவையில் அனுமதி 140 கிலோதான். 45 பாகைச் சாய்வில் அது 100 கிலோவைத் தாண்டாது. அந்த விவரம் உங்கள் குறிப்பில் இருந்திருந்தால், இதே சாய்வில் 170 கிலோ அனுமதியுள்ள 10 மி.மீ. அளவைத் தேடியிருப்பேன். 500 என்பது அறுபடும் பளுவா, வேலைப் பளுவா, எந்தக் கோணத்தில் என்று ஒரு சொல்கூட அங்கே இல்லை. பெட்டிக்குள் இருந்த துண்டுச் சீட்டிலோ, பொடி எழுத்தில், "தூக்குவதற்குப் பயன்படுத்தக் கூடாது" என்று இருக்கிறது. வாங்கும் முன் படிக்க வேண்டிய ஒரே வரியை வாங்கிய பின் காட்டுகிறீர்கள்.

எஃகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காந்தம் வலுவாக ஒட்டியது. துருப்பிடிக்காத 304 வகை எஃகு என்றால், வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம், இப்படிக் கவ்வாது. அதை மட்டும் நம்பாமல் தண்டில் ஓரிடத்தை அரத்தால் ராவி, ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். மறுநாள் காலை ராவிய இடம் பழுப்பாகிவிட்டது. மேலே துத்தநாகப் பூச்சு, உள்ளே சாதாரண எஃகு என்றே தெரிகிறது. ஏ2, ஏ4 என்ற தரக்குறியோ தயாரிப்பாளர் முத்திரையோ எதிலும் இல்லை.

பணத்தைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முதலில், "தூக்குவதற்கு ஏற்றது" என்ற சொற்களை இன்றே அந்தக் குறிப்பிலிருந்து நீக்குங்கள். 500 என்ற எண்ணுக்கு ஆதாரமான சோதனை அறிக்கை இருந்தால் அதை எனக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் எண்ணையும் எடுத்துவிடுங்கள். மூன்று ஐ போல்ட்டுகளை உடனே திருப்பி அனுப்புகிறேன். விரிந்துபோன நான்காவது, உங்கள் எழுத்துபூர்வமான பதில் வரும்வரை என்னிடமே இருக்கும். அதன் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்