லாஃப்டின் கம்பி மேலேயே இருக்கட்டும்: மேஸ்திரிகளுக்கும் கம்பி கட்டுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேஸ்திரி அண்ணன்மாருக்கும், கம்பி கட்டும் தம்பிகளுக்கும், கான்கிரீட் போடும் தோழர்களுக்கும் வணக்கம்.

வீட்டு வேலைகளின் கட்டுமானக் கணக்கு பார்க்கும் பொறியாளன் நான். தளம், பீம், பில்லர் என்று வந்தால் நீங்களும் கவனமாக இருக்கிறீர்கள், வீட்டுக்காரரும் பக்கத்திலேயே நிற்கிறார். சமையலறையிலும் படுக்கையறையிலும் போடும் லாஃப்ட் மட்டும் லிண்டலோடு சேர்ந்த சில்லறை வேலையாகவே போய்விடுகிறது. வரைபடத்தில் அதற்கு ஒரு கோடுதான் இருக்கும். கம்பி எப்படி வர வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் எழுதித் தருவதில்லை. அது எங்கள் தரப்புக் குறைதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

பழைய வீடு ஒன்றை இடித்தபோது உடைந்த லாஃப்ட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனம் மூன்று அங்குலம். கம்பிக்குக் குறை வைக்கவில்லை, 8 எம்எம் கம்பி நெருக்கமாகவே போட்டிருந்தார்கள். ஆனால் அத்தனையும் அடிப்பக்கம் கிடந்தது. அடிப்பூச்சைச் சுரண்டினால் கம்பி கண்ணில் படும் அளவுக்குக் கீழே. மேல்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வெறும் கான்கிரீட். கட்டும்போது அந்தக் கம்பியை யாரோ சரியாக மேலேதான் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கான்கிரீட் கொட்ட ஆள் ஏறி நடந்ததும் அது பலகைவரை அமுங்கியிருக்கும்.

இரண்டு பக்கமும் சுவரில் உட்காரும் சாதாரணத் தளம் நடுவில் தொய்யப் பார்க்கும். அதனால் அடிப்பக்கம் இழுபடும், கம்பி அடியில் போகிறது. லாஃப்ட் ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் உள்ள கேண்டிலீவர். முனை கீழே இறங்கப் பார்க்கும்போது மேல்பக்கம்தான் இழுபடும், அதுவும் சுவரை ஒட்டிய இடத்தில்தான் அதிகமாக. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பை அதிகம் தாங்காது. ஆகவே மெயின் கம்பி மேலேதான் இருந்தாக வேண்டும். இது உங்களில் பலருக்குத் தெரியும். எவ்வளவு இறங்கினால் எவ்வளவு பலம் போகும் என்பதுதான் அதிகம் பேசப்படாத விஷயம்.

2 அடி, அதாவது 60 செ.மீ., வெளியே நீட்டிய மூன்று அங்குல லாஃப்டை எடுத்துக்கொள்வோம். 8 எம்எம் கம்பி 6 அங்குலத்துக்கு ஒன்று. மேலே 20 எம்எம் கவர் விட்டால், கம்பியின் நடுப்பகுதி அடிப்பரப்பிலிருந்து சுமார் 50 எம்எம் உயரத்தில் நிற்கும். லாஃப்டின் பலம் இந்த உயரத்தைப் பொறுத்தது. 50 எம்எம்மில் இருந்தால் வீட்டுச் சாமானுக்கும், ஓர் ஆள் ஏறுவதற்கும் தேவையான பலத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கையில் இருக்கும். பாதிக் கனத்துக்கு இறங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு. மிதிபட்டு 10 எம்எம்முக்கு வந்துவிட்டால் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அப்போது லாஃப்டின் சொந்த எடையைத் தாங்கவே அந்தக் கம்பி திணறும்.

"இப்படித்தானே இத்தனை வருஷமாப் போடுறோம், ஒண்ணும் விழலையே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விரிசல் விடாதவரை வெறும் கான்கிரீட்டே அந்த இழுப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. நல்ல கலவையாக இருந்தால் பல வருஷம்கூடப் பிடிக்கும். ஆனால் சுவரோரம் மேல்பக்கத்தில் ஒரு விரிசல் விட்ட நிமிஷம் முழுச் சுமையும் கம்பிக்கு மாறும். கம்பி அடியில் கிடந்தால் பிடிக்க எதுவும் இல்லை. மெதுவாகத் தொய்ந்து எச்சரிக்கிற வேலையெல்லாம் அப்போது நடக்காது, மொத்தமாக இறங்கிவிடும்.

சரி, கம்பியை மேலே எப்படி நிறுத்துவது? கவர் பிளாக் அடிக்கம்பிக்கு வைப்பது. மேல்கம்பிக்கு அது உதவாது. இதற்குச் 'சேர்' என்கிற கம்பிக் கால் வேண்டும். வெட்டி மிஞ்சிய 8 எம்எம் துண்டை வளைத்து, பலகையிலிருந்து கம்பி உட்காரும் இடம் சரியாக வரும்படி செய்து, இரண்டடிக்கு ஒன்று வையுங்கள். மெயின் கம்பி மேலே, குறுக்குக் கம்பி அதற்குக் கீழே. மாற்றிக் கட்டினால் அதிலேயே 8 எம்எம் போய்விடும். கான்கிரீட் போடும்போது கம்பிமேல் ஏறாமல் நிற்க ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். போட்டு முடித்ததும், இறுகுவதற்கு முன், ஒரு மெல்லிய கம்பியைச் சுவரோரம் குத்திப் பாருங்கள். 20 எம்எம்மில் தட்டினால் சரி. ஓர் அங்குலத்தைத் தாண்டியும் தட்டவில்லை என்றால் கொக்கி போட்டுத் தூக்கிவிட்டு, அந்த இடத்தை மறுபடி வைப்ரேட்டரால் இறுக்குங்கள்.

கம்பியின் வால் பகுதிக்கும் இதே கவனம் வேண்டும். லாஃப்டில் இருந்து வரும் கம்பி லிண்டலுக்குள் நான்கைந்து அங்குலம் நுழைந்து நின்றால் உருவிக்கொண்டு வந்துவிடும். கம்பி விட்டத்தைப்போல 50 மடங்கு, 8 எம்எம்முக்கு 40 செ.மீ., உள்ளே போக வேண்டும். 9 அங்குல லிண்டலில் அவ்வளவு நேராகப் போக இடம் கிடையாது. ஆகவே மேல்மட்டத்தில் வெளிப்பக்கம்வரை கொண்டுபோய், கீழே மடக்கி, அடியில் திருப்பி உள்பக்கம் கொண்டுவாருங்கள். லிண்டலின் ரிங்கை அணைத்த மாதிரி வரும். அதுவே சரியான பிடிமானம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் விழுந்த லாஃப்ட் உண்டு. லாஃப்ட் உடையாது, சுவரோடு கவிழும். இதற்கும் கணக்கு எளிதுதான். மேலே சொன்ன லாஃப்டில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுங்கள். கான்கிரீட் 115 கிலோ, பூச்சு 30 கிலோ, ஆக 145 கிலோ. இந்த எடையின் மையம் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருப்பதால் கவிழ்க்கும் அளவு 145 × 0.3, சுமார் 43. சாமான் 120 கிலோ பரப்பி வைத்தால் இன்னொரு 36 கூடும். மொத்தம் 79. இனி பிடித்துவைப்பது எது என்று பார்ப்போம். லிண்டலும் அதன்மேல் இரண்டரை அடி உயர 9 அங்குலச் செங்கல் சுவரும் சேர்ந்து ஒரு மீட்டருக்கு 410 கிலோ போல வரும். ஆனால் அந்த எடையின் மையம் சுவரின் உள்விளிம்பிலிருந்து நாலரை அங்குலம்தான், 0.115 மீட்டர். பெருக்கினால் 47.

43-க்கு 47. காலி லாஃப்டே விளிம்பில்தான் நிற்கிறது! சாமான் ஏற்றினால் தாண்டிவிட்டது. மீதியைப் பிடிப்பது மேலே உட்காரும் தளத்தின் எடை. பில்லர் வீட்டில் அந்த வேலையைச் செய்வது, சுவருக்கும் மேல் பீமுக்கும் இடையே இறுக்கமாக அடைத்த கடைசி வரிசையும், பில்லரில் கோத்த லிண்டலும், பக்கச் சுவர்களும். அதனால்தான் முட்டு விஷயத்தில் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கான்கிரீட் இறுகிவிட்டது, பலகை அடுத்த வேலைக்கு வேண்டும் என்று, மேலே சுவர் எழும்பும் முன்பே லாஃப்டுக்குக் கீழே கொடுத்த முட்டுகளை எடுக்காதீர்கள். சுவர் இல்லாதபோது பிடிக்க லிண்டலின் 10 மட்டுமே உண்டு, பூசாத லாஃப்ட் இழுப்பதோ 34. சுவர் கட்டி, மேலே தளமும் போட்டு, அது இறுகிய பிறகு எடுங்கள். எடுக்கும்போது முனையிலிருந்து சுவரை நோக்கி எடுத்து வாருங்கள். இடையில் அதன்மேல் நின்று செங்கல் அடுக்குவதும் வேண்டாம். 80 கிலோ ஆள் முனையில் நின்றால் 48. பரப்பி வைத்த 120 கிலோ சாமானைவிட அது அதிகம்.

நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் இந்த மாதிரி லாஃப்ட் வேண்டவே வேண்டாம். சுவரும் பாதி எடை, மையமும் பாதித் தூரம், பிடிமானம் கால்வாசிதான். வீட்டுக்காரர் வற்புறுத்தினால் அறையின் இரு பக்கச் சுவர்களிலும் உட்கார வைத்து, அந்த நீளத்துக்குத் தக்க கனமும் அடிக்கம்பியும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அப்போது அது கேண்டிலீவர் இல்லை. 9 அங்குலச் சுவரிலும் நீட்டலை 2 அடியிலிருந்து 18 அங்குலமாகக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். நீட்டலில் கால்வாசி குறைத்தால் சொந்த எடையும் சாமானும் சேர்ந்து கவிழ்க்கும் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கல் பலகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் ஓர் அங்குலக் கடப்பாக் கல் வைப்பது நல்ல பழக்கம், ஆனால் இரண்டு முனையும் காடியில் மூன்று அங்குலம் உட்கார்ந்திருக்க வேண்டும். இடைவெளி மூன்றடியைத் தொட்டால் நடுவில் ஒரு தாங்கு கொடுங்கள். கல்லுக்குள் கம்பி இல்லை, ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலே பட்டென்று உடையும். எனவே கல்லைச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் செருகித் தொங்கவிடாதீர்கள். கட்டுவதற்கு முன் கல்லை நனைத்து வெயிலில் வையுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் ஈரம் ஒரு கோடாக நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. அந்தக் கல்லைத் தள்ளிவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் உங்களைக் கூப்பிட்டு லாஃப்டைக் காட்டினால் கீழே நின்று பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். அடிப்பூச்சில் சுவரோரம் தெரியும் மெல்லிய கோடு பெரும்பாலும் பூச்சு சுருங்கியதுதான். ஆபத்தான விரிசல் மேல்பக்கம், பெட்டிகளுக்கும் தூசிக்கும் அடியில், சுவரை ஒட்டி நீளவாக்கில் ஓடும். முதலில் கீழே முட்டுக் கொடுத்து, ஏணியில் நின்றபடி சாமானை இறக்கி, சுவரோரத்தைப் பெருக்கிவிட்டுப் பாருங்கள். முனையோரம் நூல் பிடித்து, நடுவில் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். விரிசல் இருந்தால் சிமென்ட் பாலைப் பூசி மூடிவிட்டு வராதீர்கள். முனைக்குக் கீழே இருபுறமும் தரையிலிருந்து இரும்புக் கால் நிறுத்தி, அவற்றின்மேல் முழு நீளத்துக்கும் ஒரு ஆங்கிள் ஓட்டி, லாஃப்டின் அடிப்பரப்போடு இடைவெளி இல்லாமல் கலவை அடைத்துவிடுங்கள். முனைக்கும் தாங்கு வந்துவிட்டால் லாஃப்ட் சாதாரணத் தளம்போல அடிப்பக்கம் இழுபடும்; அதற்கு அடிக்கம்பி சரியாக இருக்கிறதா, நீளத்துக்கு நடுக்கால் வேண்டுமா என்பதை ஒரு பொறியாளரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை முட்டு அங்கேயே நிற்கட்டும்.

அன்புடன்,
உங்களோடு தளத்தில் நிற்கும் ஒரு பொறியாளன்