ஓட்டு எந்தப் பக்கம்?

அன்புள்ள கண்ணம்மா,

தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து நீ அனுப்பிய பன்னிரண்டு சொற்களையும் பார்த்தேன். டிக்கெட், ரோடு, பஸ், பென்சில் நான்கையும் ஆங்கிலம் என்று பிரித்தது சரி. மரம், கண், பெட்டி, கட்டில் தமிழ் என்றதும் சரி. மீதி நான்கில்தான் உனக்கும் எனக்கும் வழக்கு.

லாபத்தை ஏன் ஆங்கிலத்தில் போட்டாய் என்று புரிகிறது. தமிழ்ச் சொல் ட, ர, ல போன்ற எழுத்துகளில் தொடங்காது என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாய். ஆனால் அந்த விதி ‘இது தமிழில் பிறந்த சொல் அல்ல’ என்று மட்டும்தான் சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. லாபம் வடமொழிச் சொல். முன்னால் ஓர் இகரம் சேர்த்து ‘இலாபம்’ என்று எழுதுவார்களே, அதுவும் இந்த விதிக்காகத்தான்.

மேசை நேர் எதிர். எழுத்தைப் பார்த்தால் அசல் தமிழ் மாதிரி இருக்கும், அதனால் நீ ஏமாந்தாய். அது போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது, சாவியும் அலமாரியும் வந்த அதே வழி. ஆக உன் தாளில் இரண்டு பத்தி போதாது, ‘வேறு மொழி’ என்று மூன்றாவது ஒன்று போடு. லாபமும் மேசையும் அங்கே போகட்டும்.

காசை ஆங்கிலத்தில் போட்டதற்கு ‘கேஷ்’ போல ஒலிக்கிறது என்று காரணம் எழுதியிருக்கிறாய். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று ஆகாது. தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே காசு வருகிறது. அப்போது இங்கே ஆங்கிலம் ஏது? அதைத் தமிழ்ப் பத்திக்கு மாற்று.

கடைசியாக ஓட்டு. எனக்குப் பிடித்த சொல் இதுதான். தமிழ் என்று எழுதி, ‘வண்டி ஓட்டு’ என்று சான்றும் காட்டியிருக்கிறாய். அந்த ஓட்டு தமிழேதான்: ஓடு, ஓட்டம், ஓட்டுநர் என்று குடும்பமே இருக்கிறது. ஆனால் உன் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் ‘தேர்தல்’ என்று குறித்திருக்கிறாயே! தேர்தலில் போடும் ஓட்டுக்கு ஓடுவதோடு பொருளில் ஒட்டே இல்லை. அது ஆங்கில ‘வோட்’. தமிழ்ச் சொல்லின் முதலில் வகரம் ஒகர ஓகாரத்தோடு வராது, அதனால் வகரம் உதிர்ந்தது. வல்லின மெய்யில் சொல் முடியாது, அதனால் கடைசியில் ஓர் உகரம் ஒட்டியது. நோட்டு, கோர்ட்டு எல்லாம் அந்த உகரத்தை வாங்கியவைதான். இரண்டு மாற்றமும் சேர்ந்தபோது ஏற்கெனவே இருந்த தமிழ்ச் சொல்லின் உருவமே கிடைத்துவிட்டது. எழுத்தை மட்டும் பார்த்தால் யாராலும் பிரிக்க முடியாது.

அப்புறம், அடுத்த பட்டியலில் ‘பாட்டில்’ இருந்தால் பக்கத்தில் பொருளையும் எழுதி அனுப்பு. பாட்டுக்குள் இருப்பதா, தண்ணீர் பிடிப்பதா என்று தெரியாமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அப்பா